வளவு வீட்டில் இருபது இருக்கைகள்: விலைக்கு முன்னால் நேரத்தை எழுதுங்கள்

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நகரத்தார் வீட்டின் ஒரு பகுதியை, பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கும் கோவொர்க்கிங் இடமாக நடத்துகிறேன். வீடு என்னுடையது இல்லை. சொந்தக்காரர்கள் பங்காளிகளாகச் சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று பிரிந்து கிடக்கிறார்கள். ஊரோடு இருப்பது ஆச்சி ஒருவர்தான். மாதம் ஒரு தொகையை அவர்கள் கணக்கில் போட்டுவிட்டு, இருக்கைகளை நான் ஆள் பிடித்துக் கொடுக்கிறேன்.

தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கமெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுகளை வைத்துக்கொண்டு இதே யோசனையில் சிலர் பேசுகிறார்கள். "விளம்பரம் எப்படி எழுதறது அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வருவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: பழைய தேக்குத் தூண் படம், அதிவேக இணையம், 24 மணி நேர வசதி, மாதம் இத்தனை ரூபாய் முதல். இதைப் படித்து வருகிறவர் முதல் வாரத்திலேயே சண்டை போடுவார். காரணம் விலை இல்லை, அந்த "24 மணி நேரம்"தான்.

இருக்கை என்றால் உண்மையில் நாம் விற்பது, ஒரு மேசையை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை ஒருவர் தன்னுடையதாக நினைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான். நேரம் முடிவானால் விலை தானாக விழும். விதிகளில் பாதி தேவையே இல்லாமல் போகும். அதனால் நான் எழுதும் வரிசை தலைகீழ்: முதலில் நேரம், பிறகு விலை, கடைசியில் விதி.

அதற்கும் முன்னால் எதை விற்க முடியும் என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடு வெளியிலிருந்து பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். நமக்குக் கிடைப்பது அதில் கொஞ்சம்தான். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு உரியவை. உள்ளே அவரவர் பாத்திரம் பண்டம் இருக்கும், சாவி மலேசியாவில் இருக்கும். அந்தக் கதவுகளைத் தொடவே கூடாது. எங்களுக்குக் கிடைத்தது முகப்பை ஒட்டிய பட்டாலை என்னும் கூடம், உள்ளே இரண்டாங்கட்டின் ஒரு பக்கத்துத் தாழ்வாரமான பத்தி, ஏசி போட்ட ஓர் அறை, மாடியில் ஒரு கூடம். பட்டாலையில் 10 மேசை, பத்தியில் 8, முகப்புப் பக்கம் தனியாக 2. ஆக 20. மேசைகளை நெருக்கினால் 26 போடலாம். போட்டால் பத்தியில் ஒருவர் எழுந்து போக நான்கு பேர் நாற்காலியை இழுக்க வேண்டியிருக்கும்.

நேரத்துக்கு வருவோம். வீட்டின் முன் நிலைக்கதவைத் திறப்பதும் சாத்துவதும் ஆச்சி வீட்டு வழக்கப்படிதான். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு திறக்கும், விளக்கு வைத்த பிறகு அந்நியர் அந்த வழியாகப் போய்வருவதில் அவருக்கு விருப்பம் இல்லை. அந்தக் கதவில் எண் பூட்டு, விரல் ரேகைப் பூட்டு எதுவும் போட முடியாது. நூறாண்டு பர்மா தேக்கில் யார் துளை போடுவது? நல்ல வேளையாக இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்பக்கத்து இரும்பு கேட்டில் எண் பூட்டு வைத்தோம். மாலை 6 மணிக்குப் பிறகு எல்லாருக்கும் பின்வாசல்தான். விளம்பரத்தில் இதை "மாலை 6 வரை முன்வாசல், அதன்பின் பின்தெரு கேட், எண் பூட்டு" என்று அப்படியே எழுதுகிறேன். பெண்கள் விசாரிக்கும்போது அடுத்த கேள்வி பின்தெருவில் விளக்கு இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்பதுதான். ஆகவே அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்: கேட்டுக்கு மேலே விளக்கு, இரவு 10 வரை ஆள்.

அடுத்தது, யாருக்கு எந்த நேரம் வேண்டும் என்பது. ஊரைக் கொஞ்சம் கவனித்தாலே தெரிந்துவிடும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி ஆட்கள் காலை 9 முதல் மாலை 7 வரை. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பிரிந்து தனியாக ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர்களுக்கு மாதத்தில் பாதி நாள் மேசை தேவையில்லை, கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள்களான 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டி ராத்திரி 10 மணி வரை உட்கார வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் காலையிலேயே வந்துவிடுவார்கள், யாரும் பேசக் கூடாது என்பார்கள். விசேஷத்துக்காகப் பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்பவர்களுக்கு நம் ராத்திரிதான் பகல்.

இவர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியாது. எனவே பட்டாலையைப் பேசும் இடமாகவும், இரண்டாங்கட்டுப் பத்தியைப் பேசாத இடமாகவும் பிரித்தோம். பட்டாலை மேசைகள் நிலையானவை, ஒருவருக்கு ஒன்று, மானிட்டரை வைத்துவிட்டுப் போகலாம், காலை 7 முதல் இரவு 10 வரை. பத்தியில் இருப்பவை பொது மேசைகள், காலியாக இருப்பதில் உட்காரலாம், காலை 8 முதல் மாலை 6 வரை. முகப்புப் பக்கத்து இரண்டும் நாள் சீட்டுக்கு, காலை 9 முதல் மாலை 6.

இப்போது விலை. பலரும் பக்கத்து ஊரில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து ஐந்நூறு ரூபாய் குறைத்துப் போடுகிறார்கள். மதுரை, திருச்சி விலையை வைத்துக் காரைக்குடிக்குக் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. நம் செலவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் மாதச் செலவு சுமாராக இப்படி: வீட்டுக்காரர்களுக்கு 25,000, பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் கூட்டித் துடைக்க வரும் அம்மாவுக்கும் சேர்த்து 18,000, மின்சாரம் 11,000, இணையம் 4,000, தண்ணீர், டீ, சில்லறை 5,000, பேட்டரிக்கும் பழுதுக்கும் எடுத்து வைப்பது 5,000. ஆக 68,000. என் உழைப்புக்கு 20,000 சேர்த்தால் 88,000. தன் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலை போட்டவர்கள் ஆறு மாதத்தில் பூட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

88,000ஐ 20 இருக்கையால் வகுத்தால் 4,400. ஆனால் 20 இருக்கையும் நிறையும் மாதம் என்று ஒன்று கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தாலே நல்ல மாதம். 13 பேர் என்று வைத்தால் ஓர் இருக்கைக்கு ஏறக்குறைய 6,800 வருகிறது. அந்த விலைக்கு ஊரில் ஆள் வரமாட்டார்கள், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் தனியாக ஒரு சின்ன அறையே பிடித்துவிடலாம் என்று சொல்வார்கள். ஒரே விலை போட்டு இந்தப் பள்ளத்தை மூட வழியில்லை. படிநிலை விலை தேவைப்படுவது இதற்காகத்தான்.

எங்கள் விலை இது. நிலையான மேசை மாதம் 5,500. பொது மேசை 3,500. நாள் சீட்டு 300. பத்து நாள் சீட்டு 2,500, வாங்கிய நாளிலிருந்து 45 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். ஏசி அறை ஆறு பேருக்கு, மணிக்கு 250. சாதாரண மாதத்தில் நிலையான மேசை 7 போனால் 38,500, பொது மேசை 10 பேருக்கு 35,000, நாள் சீட்டு 40 போனால் 12,000, ஏசி அறை 30 மணி நேரம் போனால் 7,500. மொத்தம் 93,000. கையில் மிஞ்சுவது 5,000. பெரிய லாபம் இல்லை, ஆனால் கடன் இல்லாமல் ஓடுகிறது.

விலைகளுக்கு இடையில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர் மாதம் எட்டு ஒன்பது நாள் வருவார், அவருக்குப் பத்து நாள் சீட்டு லாபம். மூன்று நாள் வருகிறவருக்கு மாதம் 13 நாள் ஆகிறது. பத்து நாள் சீட்டும் மேலே மூன்று நாள் சீட்டும் எடுத்தால் 3,400. நூறு ரூபாய் கூடப் போட்டால் மாதம் முழுக்க வரலாம் என்னும்போது அவரே பொது மேசைக்கு மாறிவிடுவார். யாரையும் நாம் வற்புறுத்த வேண்டியதில்லை. பத்து நாள் சீட்டை 2,000 என்று வைத்திருந்தால் பொது மேசைக்கு ஒருவரும் வரமாட்டார். 2,900 என்று வைத்தால் பத்து நாள் சீட்டு விற்காது. ஒவ்வொரு படியும் அடுத்த படியை விற்க வேண்டும்.

அரை நாள் சீட்டு எங்களிடம் இல்லை. நிறையப் பேர் கேட்கிறார்கள். காலை அரை நாள் எடுத்தவர் இரண்டு மணிக்குப் பேச்சுவார்த்தை தொடங்குவார், "இன்னும் ஒரு மணி நேரம்தான் அண்ணே." அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்டாலும் மனக்கசப்பு, விட்டாலும் பக்கத்தில் முழு நாள் காசு கொடுத்தவருக்குக் கசப்பு.

பத்தியில் 8 மேசைதானே, 10 பேருக்கு எப்படி விற்கிறாய் என்று கேட்கலாம். பொது மேசையில் எல்லாரும் எல்லா நாளும் வருவதில்லை. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எத்தனை தலை இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது எங்கள் வழக்கம். 10 பேருக்கு விற்றிருந்தால் அந்த நேரங்களில் ஆறோ ஏழோதான் இருப்பார்கள். மாதத்தில் ஒருமுறைகூட எட்டைத் தொடவில்லை என்றால் இன்னொருவரைச் சேர்க்கலாம். இரண்டு முறை தொட்டுவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும். நோட்டே வேண்டாம் என்றால் ஓர் அடையாளம் இருக்கிறது: யாராவது பையைத் தோளிலிருந்து இறக்காமல் பத்தியில் நின்று மேசைகளைப் பார்க்கிறார் என்றால் அளவு தாண்டிவிட்டது. போட்டித் தேர்வுக்காரர்கள் நிறைய இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் தினமும் வருவார்கள், காலை எட்டுக்கே வருவார்கள். அவர்களை மேசைக்கு ஒருவர் என்றுதான் எண்ண வேண்டும்.

இரவு இருக்கைக்குத் தனிக் கதை உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கு வேலை செய்யும் நான்கு பேர் சேர்ந்து வந்து கேட்டார்கள். ராத்திரியில் பத்தி காலியாகத்தான் கிடக்கிறது, பேசாத இடம் என்ற கட்டுப்பாடும் அப்போது தேவையில்லை. அதே மேசையை இரண்டாவது முறை விற்கலாம் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரவுக் காவலுக்கு 12,000, கூடுதல் மின்சாரமும் டீயும் 2,500. தலைக்கு 4,500 வைத்தால் நான்கு பேருக்கு 18,000 வரும், மிச்சம் 3,500. மூன்று பேர் என்றால் 13,500, கைநட்டம். அதனால் விளம்பரத்திலேயே "குறைந்தது நான்கு பேர் இருக்கும் மாதங்களில் மட்டும்" என்று எழுதினோம்.

நேரத்தை எழுதும்போது இன்னொன்று உண்டு. அங்கே காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். "இரவு 6.30 முதல் 3 வரை" என்று ஒரே வரியாக எழுதினால் நவம்பரில் ஆள் நான்கு மணி வரை உட்கார்ந்திருப்பார், காவல்காரர் மூன்று மணிக்குச் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் பட்டியலில் இரண்டு வரி: மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை மாலை 6.30 – 3, மீதி நாள்களில் 7.30 – 4. பொது மேசை 6 மணிக்கு முடிவதும் இதற்காகத்தான். நடுவில் இருக்கும் அரை மணி நேரத்தில் கூட்டி, மேசை துடைத்து, சார்ஜர் மறந்து போனவர்களுடையதை எடுத்து வைக்க முடிகிறது.

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் வீட்டு விசேஷம். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் எது வந்தாலும் பங்காளிகள் இந்த வீட்டில்தான் கூடுவார்கள். அதற்காகத்தான் வீட்டையே வைத்திருக்கிறார்கள். நம் இருக்கை வியாபாரம் அதற்குப் பிறகுதான். ஒருநாள் ஆச்சி கூப்பிட்டு, "தம்பி, மலேசியாவுலேர்ந்து பெரியவன் வரான், படைப்புக்கு நாள் பாத்தாச்சு. ரெண்டு நாளைக்கு மேசையெல்லாம் எடுத்துருங்க" என்றார். தேதியைக் கேட்டால் 19, 20. பட்டாலையில் இருக்கும் மூன்று பேர் ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர்கள், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். "ஆச்சி, அந்த மூணு பேருக்கு மட்டும் மாடிக்கூடத்துல இடம் குடுக்கட்டுமா? பின்வாசல் வழியா வந்து பின்வாசல் வழியா போயிருவாங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செருப்போட மாடி ஏறக் கூடாது, படைப்புச் சோறு சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். மூன்று பேரும் தாக்கலை முடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மற்றவர்களுக்கு மாதக் கணக்கில் இரண்டு நாள் கூட்டிக் கொடுத்தோம்.

இதை வைத்துத்தான் பட்டியலில் இருக்கும் விசேஷ வரி: "ஆண்டுக்கு 12 நாள்வரை வீட்டு விசேஷத்துக்காக இடம் மூடப்படும். 21 நாள் முன்னால் சொல்லப்படும். மூடிய நாள்கள் கணக்கில் சேர்த்துத் தரப்படும். துக்கம் என்றால் முன்னறிவிப்பு இருக்காது." கடைசி வாக்கியத்தை எழுத முதலில் கூச்சமாக இருக்கும். எழுதத்தான் வேண்டும். அதைப் படித்துவிட்டுச் சேர்ந்தவர் பிறகு கேள்வி கேட்பதில்லை. கூகுள் மேப்பிலும் அந்த நாள்களுக்குத் தனி நேரம் போட்டு மூடியதாகக் காட்டிவிடுங்கள். நாள் சீட்டுக்காரர்கள் நம்மிடம் கேட்பதில்லை, மேப்பைப் பார்த்து நேரே வந்து நிற்கிறார்கள்.

படப்பிடிப்புக்கும் இதே வரம்பு வேண்டும். காரைக்குடி வீடு என்றால் சினிமாக்காரர்கள் கேட்டு வருவது வழக்கம், ஒரு நாள் வாடகை நம் மாத வசூலைத் தொடக்கூட வாய்ப்பு உண்டு. வீட்டுக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பட்டாலை, இரண்டாங்கட்டு இரண்டும் வேலை நாள்களில் படப்பிடிப்புக்குக் கிடையாது என்று எழுதி வாங்கினேன். அந்த உறுதி கையில் இல்லாமல் மாத இருக்கை விற்கக் கூடாது என்பது என் கருத்து.

விதிகளை நான் குறைவாகவே வைத்திருக்கிறேன். எந்த விதியும் ஆளைப் பற்றியதாக இருக்காது, இடத்தையும் நேரத்தையும் பற்றியதாகவே இருக்கும். அசைவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு அசைவம் கூடாது என்றால் சிரிப்பார்கள். ஆனால் வளவில் சாமி கும்பிடும் இடத்தை ஒட்டிக் கோழிப் பொட்டலம் பிரிப்பது ஆச்சிக்கு ஒப்பாது. விதி இது: "சாப்பாடு எதுவானாலும் பின்கட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்." தயிர்ச்சோற்றுக்கும் இதே விதிதான். யாருக்கும் முகம் சுளிக்க இடமில்லை, மேசையில் குழம்பும் சிந்தாது.

போன் பேசுவது அடுத்தது. வளவு மேலே திறந்த முற்றம், சுற்றிலும் வழவழவென்ற சுவர். ஒரு மூலையில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினால் எதிர் மூலையில் தெளிவாகக் கேட்கும், பக்கத்தில் இருப்பவரைவிட எதிரே இருப்பவருக்குத்தான் தொந்தரவு. "மெதுவாகப் பேசவும்" என்று எழுதினால் பயனில்லை, எல்லாரும் தான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைப்பார்கள். "பத்தியில் போன் எடுக்கக் கூடாது, முகப்புத் திண்ணைக்குப் போகவும், பட்டாலையில் ஹெட்போன் கட்டாயம்" என்று இடத்தைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

தரைக்கு ஒரு விதி. ஆத்தங்குடி கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு அதில் வருவது. பிளாஸ்டிக் சக்கரம் வைத்த நாற்காலிக்கு அடியில் இரண்டு மணல் துகள் சிக்கினால் போதும், மேசைக்கு முன்னால் அரை வட்டமாக மங்கிவிடும். ரப்பர் சக்கரம் மாற்றி, கீழே விரிப்பும் போட்டோம். செருப்பைப் பின்நடையிலோ முகப்பிலோ விட வேண்டும் என்பது பாரம்பரியத்துக்காக மட்டும் இல்லை, மணலுக்காகவும்தான். (முனீஸ்வரன் கோயில் தெருவில் அழகழகான பழைய நாற்காலிகள் கிடைக்கும். படத்துக்கு எடுக்கலாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு பேசும்.)

படத்தைப் பற்றி ஒரு சொல். தூணையும் முற்றத்தையும் மட்டும் போட்டால் சுற்றுலாக்காரர்கள் விசாரிப்பார்கள். மேசையில் மடிக்கணினி, அடியில் பிளக் பாயின்ட், கழிவறைக் கதவு, பின்தெரு கேட் இவை நான்கும் படத்தில் இருக்க வேண்டும். கழிவறைப் படம் போட்ட பிறகு எனக்கு வரும் விசாரிப்பு அழைப்புகள் சுருக்கமாகிவிட்டன.

இணையத்தைப் பற்றி எழுதும்போது வேகத்தைப் போட்டுப் பயனில்லை, அறுந்தால் என்ன என்பதைத்தான் கேட்பார்கள். இரண்டு கம்பெனியில் இரண்டு இணைப்பு வைத்திருந்தோம். தெருமுனையில் உயரமாகச் சரக்கு ஏற்றிவந்த ஒரு டிப்பர் கேபிளை இழுத்துக்கொண்டு போனபோது இரண்டும் ஒன்றாகப் போயின. இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில்தான் வந்துகொண்டிருந்தன. இரண்டு இணைப்பு என்றால் வெவ்வேறு வழியாக வருகிறதா என்று வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இப்போது ஒன்று கம்பி, இன்னொன்று சிம் போட்ட ரவுட்டர். சுண்ணாம்புச் சுவர்கள் கனமானவை, முகப்பில் வைத்த வைஃபை இரண்டாங்கட்டுக்கு எட்டாது. பத்திக்குத் தனியாக ஒரு கருவி, அதற்குக் கேபிள் என்று இழுத்தோம். ஆணி அடிக்காமல் விட்டத்தின் மேலாகக் கொண்டுபோனது தனி வேலை.

மின்சாரத்தில் மாதப் பராமரிப்புக்கான மின்தடை எல்லா ஊருக்கும் உண்டு, பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை வரை போகும். அன்று மின்விசிறி, விளக்கு, இணையம் இன்வெர்ட்டரில் ஓடும், ஏசி அறை ஓடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறோம். அந்த நாளில் ஏசி அறைக்கு முன்பதிவு எடுப்பதில்லை. மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றாமல் தொடங்க வேண்டாம். வீட்டு இணைப்பில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதற்காக அதிலேயே கோவொர்க்கிங் நடத்தினால் சோதனையில் அபராதம் விழும், அது ஆச்சி பெயரில் விழும். எங்கள் பகுதிக்குத் தனி மீட்டர் வாங்கிவிட்டோம்.

நாங்கள் வெளியில் தரும் பட்டியல் இது. நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் படித்துவிட்டு வருகிறவர் உள்ளே வந்து எதற்கும் திடுக்கிடுவதில்லை.

"நிலையான மேசை: பட்டாலை, பேசலாம். காலை 7 – இரவு 10, எல்லா நாளும். மாதம் 5,500. பூட்டு போடும் இழுப்பறை உண்டு.
பொது மேசை: இரண்டாங்கட்டு, போன் பேசக் கூடாது. காலை 8 – மாலை 6, ஞாயிறு விடுமுறை. மாதம் 3,500.
நாள் சீட்டு: காலை 9 – மாலை 6. 300. பத்து நாள் சீட்டு 2,500, 45 நாளுக்குள்.
இரவு இருக்கை: மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை மாலை 6.30 – 3, மற்ற நாள்களில் 7.30 – 4. திங்கள் முதல் வெள்ளி. மாதம் 4,500. குறைந்தது நான்கு பேர் இருந்தால் மட்டும்.
ஏசி அறை: ஆறு பேர், மணிக்கு 250. உறுப்பினர்களுக்கு மாதம் 2 மணி நேரம் இலவசம்.
மாலை 6க்கு மேல் பின்தெரு கேட். விருந்தினர் முகப்புத் திண்ணை வரை. சாப்பாடு பின்கட்டில். பூட்டிய அறைகள் குடும்பத்தாருடையவை. வீடியோ, ரீல்ஸ் எடுக்கக் கூடாது.
வீட்டு விசேஷத்துக்கு ஆண்டில் 12 நாள்வரை மூடல், 21 நாள் முன்னறிவிப்பு, நாள்கள் கூட்டித் தரப்படும். துக்கத்துக்கு முன்னறிவிப்பு இல்லை.
முன்பணம் ஒரு மாதம். விலக 15 நாள் முன்னால் சொல்லவும். முகவரி மட்டும் தரப்படாது."

கடைசி வரிக்கு விளக்கம் தேவை. இருக்கையே வேண்டாம், ஜிஎஸ்டி பதிவுக்கு முகவரி மட்டும் கொடுங்கள், மாதம் ஆயிரம் தருகிறேன் என்று கேட்பவர்கள் வாரம் ஒருவராவது இருப்பார்கள். உட்காராத ஆளிடமிருந்து வரும் காசு என்பதால் இனிக்கும். ஆனால் அதற்கு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் சொத்துவரி ரசீதோ மின் கட்டண ரசீதோ வேண்டும். கூட்டுச் சொத்தில் சம்மதம் என்றால் எல்லாப் பங்காளிகளையும் கேட்க வேண்டியிருக்கும். வந்தவர் வரி கட்டாமல் போனால் நோட்டீஸ் இந்த வாசலுக்குத்தான் வரும். நிலையான மேசையில் உட்கார்ந்து ஆறு மாதம் முடித்தவர் கேட்டால் மட்டும் வீட்டுக்காரர்களிடம் கொண்டுபோகிறேன். இதுவரை இருவருக்குச் சரி சொன்னார்கள்.

எங்கள் வசூல் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, பட்டியலில் இருக்கும் விலைதான் கட்டும் விலை. அந்த அளவைத் தாண்டினால் 18 சதவீதம் சேரும். 5,500 அப்போது 6,490 ஆகும். கம்பெனி கணக்கில் எழுதுகிறவருக்கு அது உறைக்காது, தேர்வுக்குப் படிக்கும் பையனுக்கு உறைக்கும். மேசை கூட்ட வேண்டும் என்று பங்காளிகள் சொல்லும்போதெல்லாம் அவர்களிடம் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.